பழைய கப்பலை எங்கே உடைக்கக் கொடுப்பது? நான்கு வழிகளின் ஒப்பீடு

கப்பல் நிறுவனங்களில் மேற்பார்வைப் பொறியாளர்களாகவும் அலுவலகப் பணியாளர்களாகவும் இருக்கும் வாசகர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "எங்கள் கப்பலின் காலம் முடிந்துவிட்டது. கடற்கரையில் உடைக்கும் தளம் அதிக விலை தருகிறது. துருக்கியில் குறைவு, ஐரோப்பியத் துறைகளில் இன்னும் குறைவு. அந்தப் பணத்தை விட்டுக்கொடுத்தால் தொழிலாளர்களுக்கு உண்மையிலேயே பாதுகாப்பு கிடைக்குமா, இல்லை சான்றிதழ் மட்டும்தான் கிடைக்குமா?"

நியாயமான சந்தேகம். பதில் சொல்ல ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். 1999-ல் கட்டப்பட்ட ஒரு மொத்தச் சரக்குக் கப்பல். சரக்கும் எரிபொருளும் இல்லாத வெற்றுக் கப்பலின் எடை 10,000 டன். தொழிலில் இந்த எடையை எல்.டி.டி. என்பார்கள், விலை பேசப்படுவது இந்த டன்னுக்குத்தான். கப்பல் இப்போது இந்தியப் பெருங்கடலில் சொந்த எஞ்சினில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை யாருக்குக் கொடுப்பது?

## எதை வைத்து எடைபோடுவது

விலையை விட்டுவிட்டுப் பார்த்தால் நான் கேட்பவை நான்கு கேள்விகள். வெட்டும் சுடரைப் பற்றவைக்கும் முன் தொட்டிகளும் மூடிய அறைகளும் எப்படிச் சோதிக்கப்படுகின்றன? வெட்டிய இரும்புத் துண்டு எங்கே விழுகிறது, அதைத் தாங்குவது கிரேனா, வெறும் தரையா? கல்நார் எந்தக் கட்டத்தில், யாரால் அகற்றப்பட்டு எங்கே போகிறது? விபத்து நடந்தால் அடிபட்டவரை எவ்வளவு விரைவில் கப்பலிலிருந்து இறக்கி மருத்துவமனையில் சேர்க்க முடியும்?

இவற்றில் முதல் கேள்வியின் விடை தளத்தின் ஒழுங்கைப் பொறுத்தது. இரண்டாவதும் நான்காவதும் கரையின் அமைப்பையே பொறுத்தவை. எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் ஓரளவுக்கு மேல் அவற்றை மாற்ற முடியாது. மூன்றாவது, கப்பலை விற்பவரின் நேர்மையில் தொடங்குகிறது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், எந்தத் தளம் என்ன வாக்குறுதி கொடுத்தாலும் அதில் எது அதன் கையில் இருக்கிறது, எது இல்லை என்று தெரிந்துவிடும்.

## முதலில் தொட்டிக்குள் போவோம்

கப்பல் உடைப்பில் ஒரே நேரத்தில் பலரைக் கொல்வது பெரும்பாலும் தீயும் வெடிப்பும்தான். 2016 நவம்பர் 1 அன்று பாகிஸ்தானின் கடானியில் ஓர் எண்ணெய்க் கப்பல் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தீ நாட்கணக்கில் எரிந்தது. 2024 செப்டம்பரில் வங்கதேசத்தின் சீதாகுண்டாவில் ஒரு எண்ணெய்க் கப்பலின் பம்ப் அறையில் வெடிப்பு நிகழ்ந்து பலர் உயிரிழந்தனர். இரண்டும் கடற்கரைத் தளங்கள் என்பதால் கடற்கரைதான் காரணம் என்று முடிவுகட்டிவிடத் தோன்றும். ஆனால் 1980-களில் உலகின் பெரிய உடைப்பு மையமாக இருந்த தைவானின் காவோசியுங்கில் கப்பல்கள் துறைமுகத் துறையோரமாகவே உடைக்கப்பட்டன. அங்கும் 1986-ல் எண்ணெய்க் கப்பல் ஒன்று வெடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தொட்டியில் ஆவி மிச்சமிருந்தால், கப்பல் மணலில் நிற்கிறதா கான்கிரீட் துறையில் நிற்கிறதா என்பதைப் பொறுத்துத் தீ பிடிப்பதில்லை.

நம் எடுத்துக்காட்டுக் கப்பல் எண்ணெய்க் கப்பல் இல்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம். அதன் எரிபொருள் தொட்டிகளின் அடியில் கனரக எண்ணெயின் கசடு கெட்டியாக ஒட்டியிருக்கும். காலையில் வாயுமானியை உள்ளே இறக்கினால் எரியக்கூடிய வாயு ஏறத்தாழ பூஜ்யம் என்றே காட்டும். குளிர்ந்த கசடு அவ்வளவாக ஆவியாவதில்லை. அந்த அளவை நம்பி, தொட்டிச் சுவரின் மறுபக்கத்தில் ஒருவர் சுடரை வைக்கிறார். தகடு சூடேற, உட்புறம் ஒட்டியிருக்கும் கசடும் சூடேறி ஆவி எழும்புகிறது. காற்றோட்டமில்லாத மூலையில் அது காற்றுடன் கலந்து எரியும் செறிவை எட்டுகிறது. சுடர் தகட்டைத் துளைத்து உள்ளே வரும் நொடியில் வெடிக்கிறது. காலையில் எடுத்த அளவு பொய்யில்லை. அது காலை நேரத்தின் உண்மை, அவ்வளவுதான். ஆகவே வெட்டப்போகும் கோட்டின் இருபக்கமும் கசடைச் சுரண்டி எடுத்துச் சுத்தமான உலோகம் தெரியும்படி செய்திருக்க வேண்டும். காற்றோட்ட விசிறி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வேலை நடக்க நடக்க மறுபடி மறுபடி அளக்கவும் வேண்டும்.

அளக்கும் முறையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பரவலாகப் பயன்படும் வாயுமானிகள், உணர்வியின் மேல் வாயுவைச் சிறிதளவு எரித்தே அளக்கின்றன. எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும். துருப்பிடிக்கும் இரும்பு ஆக்சிஜனைத் தின்றுவிடுவதால், கப்பலின் சமநிலைக்காகக் கடல்நீர் நிரப்பும் பலாஸ்ட் தொட்டி நெடுநாள் மூடிக்கிடந்தால் அதில் ஆக்சிஜன் 20.9 விழுக்காட்டிலிருந்து மிகக் கீழே இறங்கியிருக்கக்கூடும். அங்கே இந்தக் கருவி எரிவாயுவைக் குறைத்துக் காட்டும். எனவே முதலில் ஆக்சிஜன், பிறகு எரிவாயு, அதன்பின் நச்சுவாயு என்ற வரிசை மாறக்கூடாது. எண்ணெய் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும். அதனால் மேல், நடு, அடி என மூன்று மட்டங்களிலும் அளக்க வேண்டும். மூடிய இடங்களுக்குள் ஆட்கள் நுழைவதற்குச் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் பரிந்துரை, எரியும் வாயு அதன் கீழ் வெடிப்பு எல்லையில், அதாவது தீப்பற்றத் தேவையான மிகக் குறைந்த செறிவில், ஒரு விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்கிறது.

இன்னொரு கொலைகாரன் தொழிலாளர்கள் கொண்டுவரும் குழாயே. சாப்பாட்டு இடைவேளையிலோ இரவிலோ சுடர்க்குழாயை அறைக்குள்ளேயே போட்டுவிட்டு வந்தால், சிறு கசிவிலும் எரிவாயு அறையை நிரப்பிவிடும். கசிந்தது ஆக்சிஜன் என்றால் நிலைமை வேறு விதத்தில் மோசம்: சட்டைத் துணியே பஞ்சுபோலப் பற்றி எரியும். குழாயை வெளியே இழுத்து வைப்பதற்குப் பணம் செலவாகாது. ஒரு தளத்தைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், மதிய உணவு வேளையில் போங்கள். குழாய்கள் எங்கே கிடக்கின்றன என்று பாருங்கள். சுவரில் தொங்கும் பாதுகாப்புப் பலகைகளைவிட இது அதிகம் சொல்லும்.

## முதல் வழி: வழக்கமான கடற்கரை உடைப்பு

குஜராத்தின் அலங், வங்கதேசத்தில் சட்டோகிராம் அருகே சீதாகுண்டா, பாகிஸ்தானின் கடானி ஆகிய மூன்றும் இந்த முறையில்தான் வளர்ந்தன. உயர் ஓதத்தன்று கப்பலைத் தன் எஞ்சின் வேகத்திலேயே கரையில் ஏற்றுகிறார்கள். அலங்கில் அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டிய ஓதத்தில் கடல்மட்டம் ஏறத்தாழ பத்து மீட்டர் ஏறி இறங்கும். தண்ணீர் வற்றியதும் கப்பல் சேற்றில் அமர்ந்துவிடும். உலர்துறை கட்ட வேண்டிய முதலீட்டைக் கடலே மிச்சப்படுத்திக் கொடுக்கிறது.

வெட்டிய பெரிய துண்டு தன் எடையாலேயே கீழே விழும். பிறகு வின்ச் போட்டுக் கரைக்கு இழுப்பார்கள். சீதாகுண்டாவின் சேற்றுக்கரை மிகத் தட்டையானது. கப்பல் கரையிலிருந்து வெகுதொலைவில் நிற்கும். இடையில் இருக்கும் அந்தச் சேற்றில் கனமான கிரேன் நிற்காது, ஆம்புலன்ஸ் ஓடாது. வின்ச் கம்பி இழுவிசையில் அறுந்தால் சாட்டைபோல வீசும். உயரத்திலிருந்து விழுவதும், விழும் இரும்பின் அடியில் சிக்குவதும் இங்கே அன்றாட அபாயங்கள். 2009 முதல் தெற்காசியத் தளங்களில் 400-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்ததாகத் தன்னார்வ அமைப்புகளின் பதிவுகள் கூறுகின்றன. பதிவாகாத மரணங்களும் கல்நார் நோயில் ஊருக்குத் திரும்பிப்போய் இறந்தவர்களும் இதில் வரமாட்டார்கள்.

விலை ஏன் அதிகம்? கூலி குறைவு என்பது பாதிக் காரணம்தான். தெற்காசியாவில் கப்பல் தகடுகளை உருக்காமலே சூடாக்கிக் கம்பிகளாக உருட்டிவிடலாம். படகு, ஜெனரேட்டர், கட்டில், சமையலறைப் பாத்திரம் எல்லாவற்றுக்கும் பக்கத்திலேயே சந்தை இருக்கிறது. இந்தச் சந்தை உண்மையான பொருளாதார வலிமை, அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதே சந்தையில் கல்நார்ப் பலகைகளும் கதவுகளாகவும் தடுப்புகளாகவும் விற்பனைக்கு வந்திருக்கின்றன. உடைத்தவரின் நுரையீரலில் தொடங்கிய துகள், வாங்கியவரின் வீட்டிலும் தொடரும்.

மறைந்திருக்கும் செலவு விற்பவரின் பக்கமும் உண்டு. 2018-ல் சட்டோகிராமில் ஒரு தொழிலாளி கப்பலிலிருந்து விழுந்து இறந்தார். கப்பல் இடைத்தரகர் வழியாகக் கைமாறியிருந்தபோதும், முன்னாள் உரிமையாளர் தரப்பைச் சேர்ந்த நிறுவனத்தின் மீது அவருடைய மனைவி தொடுத்த வழக்கை ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்ய 2021-ல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. "நாங்கள் தரகரிடம் விற்றோம், எங்கே போனது என்று எங்களுக்குத் தெரியாது" என்ற பழைய பதில் இனி எல்லா இடத்திலும் எடுபடாது. தரகர் கொடுக்கும் விலையிலேயே கப்பல் எந்தக் கரைக்குப் போகிறது என்பது தெரிந்துவிடுகிறது.

இந்த வழி எந்தச் சூழலில் சிறந்தது? எந்தச் சூழலிலும் இல்லை. மற்ற மூன்றையும் பற்றித்தான் உண்மையில் யோசிக்க வேண்டும்.

## இரண்டாம் வழி: மேம்படுத்தப்பட்ட கடற்கரைத் தளம்

2009-ல் ஏற்கப்பட்ட ஹாங்காங் உடன்படிக்கை 2025 ஜூன் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2019-லேயே இதில் இணைந்து, கப்பல் மறுசுழற்சிச் சட்டத்தையும் இயற்றியது. வங்கதேசம் 2023-ல் இணைந்தது. உடன்படிக்கை கடற்கரை உடைப்பைத் தடை செய்யவில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. அது கேட்பது கப்பலுக்கு அபாயப் பொருள் பட்டியல், கப்பலுக்கென்றே எழுதிய உடைப்புத் திட்டம், அங்கீகாரம் பெற்ற தளம், மூன்று மாதம் செல்லுபடியாகும் மறுசுழற்சித் தயார்நிலைச் சான்றிதழ்.

இதன் விளைவாக அலங்கில் பல தளங்கள் மாறியிருப்பது உண்மை. பெரிய துண்டுகளைச் சிறிதாக்கும் இரண்டாம் கட்ட வெட்டுக்கு எண்ணெய் இறங்காத கான்கிரீட் தரை, கனரக கிரேன், கல்நார் அகற்ற, துகள் வெளியேறாதபடி எதிர்மறைக் காற்றழுத்தமுள்ள அறை, தொழிலாளர்களுக்குப் பயிற்சி ஆகியவை வந்துள்ளன. அபாயக் கழிவைப் புதைக்க அலங்கில் பொதுவான குழித்தளமும் உண்டு. வங்கதேசத்தில் இப்படிப்பட்ட வசதி நெடுங்காலம் இல்லாமலே இருந்தது. கல்நாரைப் பையில் கட்டுவதோடு வேலை முடிவதில்லை. பை போய்ச்சேர இடம் வேண்டும் என்பதால் இதை முக்கியமாகக் கேட்கிறேன்.

மாறாதவை எவை? கப்பலின் உடல் இன்னும் ஓத நீர் வந்துபோகும் சேற்றில்தான் நிற்கிறது. முதல் வெட்டு அங்கேதான் நடக்கிறது. துண்டைக் கப்பலின் உள்ளேயே விழவைத்து, பிறகு கிரேனால் தூக்கலாம். நல்ல தளங்கள் அப்படிச் செய்கின்றன. ஆனால் கடலில் நிற்கும் பின்பகுதியை கிரேன் எட்டாது. பின்பகுதியில்தான் எஞ்சின் அறையும் தங்கும் அறைகளும் இருக்கின்றன. கல்நாரும் எண்ணெயும் அதிகம் இருப்பதும் அங்கேதான். அங்கே ஒருவர் மயங்கி விழுந்தால் ஏணி வழியாகவோ கப்பலின் நீளம் முழுவதும் நடந்தோதான் அவரைக் கொண்டுவர வேண்டும். அலங்கிலிருந்து பெரிய மருத்துவமனைகள் இருக்கும் பாவ்நகர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஐரோப்பிய ஒன்றியத்தின் அங்கீகாரப் பட்டியலில் 2024 வரை ஒரு தெற்காசியக் கடற்கரைத் தளமும் இடம்பெறாததற்கு இவைபோன்ற காரணங்களே பெரிதும் பேசப்பட்டன.

இந்த வழியின் மறைசெலவு, சான்றிதழ் கையில் இருக்கிறது என்ற நிம்மதி. ஒரே முதலாளிக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு உடைப்பு மனைகள் இருக்கலாம். சான்றிதழ் ஒன்றுக்குத்தான் இருக்கும். ஆகவே மனை எண்ணை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். விற்பவரின் பிரதிநிதி ஒருவர் முதல் வெட்டிலிருந்து கடைசித் துண்டு வரை அங்கே இருக்க வேண்டும், வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமையோடு. மாதக்கணக்கில் ஒருவரை அங்கே தங்கவைப்பது செலவுதான். ஆனால் இந்த வழியைப் பாதுகாப்பாக்கும் ஒரே செலவு அதுவே என்பது என் உறுதியான கருத்து.

## மூன்றாம் வழி: துருக்கியின் சாய்கரை

இஸ்மீருக்கு அருகில் உள்ள அலியாகாவில் ஓதம் பெயரளவுக்குத்தான் உண்டு. கப்பலின் முன்பகுதியைக் கரையில் ஏற்றி நிறுத்துகிறார்கள், பின்பகுதி மிதந்துகொண்டிருக்கும். முன்னாலிருந்து துண்டு துண்டாக வெட்டி, கரையில் நிற்கும் கிரேனால் தூக்கிக் கான்கிரீட் தரையில் வைப்பார்கள். கப்பல் இலேசாக ஆக ஆக மேலே இழுப்பார்கள். துண்டு தரையில் விழுவதற்குப் பதிலாகக் கம்பியில் தொங்கி இறங்குகிறது. வெட்டும் தொழிலாளியைப் பொறுத்தவரை இதுவே பெரிய மாற்றம். சாலையும் மருத்துவமனையும் அருகில் இருக்கின்றன. இங்குள்ள பல தளங்கள் ஐரோப்பியப் பட்டியலில் இடம்பெற்றிருக்கின்றன.

இங்கும் மரணங்கள் நடந்திருக்கின்றன. பட்டியலில் இருந்த தளங்கள் நீக்கப்பட்டதும் உண்டு. தொட்டிச் சோதனையில் அசட்டை என்றால் எந்தக் கிரேனும் உதவாது. மிதக்கும் பின்பகுதியிலிருந்து எண்ணெய் நேராகக் கடலில் கலக்கும் அபாயமும் இருக்கிறது.

விலையில் என்ன இழப்பு? துருக்கியில் இரும்பு மின்வில் உலைக்கு உருக்குச் சரக்காகப் போகிறது. உருட்டும் தகட்டின் விலை கிடைப்பதில்லை. தெற்காசிய விலைக்கும் துருக்கி விலைக்கும் டன்னுக்கு நூறு டாலர் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால் (சந்தை அதைத் தாண்டிய காலங்களும் உண்டு), நம் கப்பலுக்கு இழப்பு 10 லட்சம் டாலர். அதோடு இந்தியப் பெருங்கடலிலிருந்து மத்தியதரைக் கடல் வரை வெறுங்கப்பலை ஓட்டும் எரிபொருளும், சூயஸ் வழியாகப் போனால் கால்வாய்க் கட்டணமும் சேரும். கப்பல் கடைசிச் சரக்கை மத்தியதரைக் கடல் துறைமுகம் ஒன்றில் இறக்கும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்தால் இந்தப் பயணச் செலவு பெரும்பாலும் மறைந்துவிடும். விற்பனையை ஆறு மாதம் முன்பே திட்டமிடும் நிறுவனத்துக்கு இந்த வழி எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

## நான்காம் வழி: துறையோரமும் உலர்துறையும்

கப்பலை உலர்துறைக்குள் கொண்டுவந்து தண்ணீரை இறைத்துவிட்டால், கசிவது எதுவானாலும் துறையின் தரையிலேயே தங்கும். கிரேன் கப்பலின் இருபக்கமும் எட்டும். மீட்புக் குழு நடந்தே வரலாம். நான்கு கேள்விகளில் கரையின் அமைப்பைப் பொறுத்த இரண்டுக்கும் இதைவிட நல்ல விடை கிடையாது. ஐரோப்பாவில் இப்படிப்பட்ட தளங்கள் உள்ளன. ஆனால் பெரிய கப்பலுக்கு ஏற்ற இடம் குறைவு, காத்திருப்பு அதிகம், விலை மிகக் குறைவு. சில கப்பல்களுக்கு விற்பவரே பணம் கொடுக்க வேண்டிவரும்.

பிரெஞ்சு விமானந்தாங்கிக் கப்பல் கிளெமென்சோவின் கதை இந்த வழியின் எல்லையைக் காட்டுகிறது. தூலோனில் ஒரு பகுதிக் கல்நாரை அகற்றிய பின், 2005-ன் கடைசி நாளில் அது அலங்கை நோக்கி இழுத்துச் செல்லப்பட்டது. உள்ளே மிச்சமிருந்தது எவ்வளவு கல்நார் என்பதில் அரசின் கணக்கும் மற்றவர்களின் கணக்கும் பல மடங்கு வேறுபட்டன. எதிர்ப்பும் நீதிமன்ற வழக்கும் வலுக்க, 2006 பிப்ரவரியில் திரும்பி வரும்படி உத்தரவாகியது. கடைசியில் இங்கிலாந்தின் ஹார்டில்பூல் உலர்துறையில் உடைக்கப்பட்டது. அதன் சகோதரக் கப்பலான போஷ் பிரேசிலுக்கு விற்கப்பட்டு 'சாவ் பாவ்லோ' ஆனது. 2022-ல் அலியாகாவுக்கு இழுத்துவரப்படும் வழியில் துருக்கி அனுமதியை ரத்து செய்தது. திரும்பிப்போன கப்பலை எந்தத் துறையும் ஏற்காமல், 2023 பிப்ரவரியில் பிரேசில் கடற்படை அதைக் கல்நாரோடு அட்லாண்டிக்கில் மூழ்கடித்தது. இரண்டு கப்பல்களிலும் சண்டை மூண்டது ஒரே இடத்தில்: உள்ளே இருப்பதைப் பற்றிய பட்டியலை யாரும் நம்பவில்லை.

## கல்நார் பட்டியலும் "முன்கூட்டியே சுத்தம்" என்ற யோசனையும்

வாசகர்கள் அடிக்கடி சொல்லும் சமரசம் ஒன்று: அபாயப் பொருளையெல்லாம் நல்ல துறைமுகத்தில் அகற்றிவிட்டு, வெறும் இரும்பைக் கடற்கரைக்கு அனுப்பலாமே? பாதி முடியும். எண்ணெய்க் கசடு, சரக்கு எச்சம், தளர்வாகக் கிடக்கும் ரசாயனம், பழைய குளிர்சாதன வாயு ஆகியவற்றை முன்பே இறக்கிவிடலாம், இறக்கவும் வேண்டும். ஆனால் எஞ்சின் அறையின் நீராவிக் குழாய்களைச் சுற்றியிருக்கும் கல்நார் உறையைப் பிய்த்துவிட்டு அதே கப்பலைச் சொந்த எஞ்சினில் ஓட்ட முடியாது. அகற்றினால் இழுவைக் கப்பல் வேண்டும். எஞ்சின் இல்லாத கப்பலை நடுக்கடலில் இழுப்பது தனி அபாயம், தனிச் செலவு.

புதிய கப்பல்களில் கல்நார் பொருத்துவது 2002-ல் பெருமளவு கட்டுப்படுத்தப்பட்டு 2011-ல் முற்றிலும் தடை செய்யப்பட்டது. நம் 1999 கப்பலில் அது இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்: குழாய் உறை, வால்வு கேஸ்கெட், தங்கும் அறைகளின் தடுப்புப் பலகை, வின்ச்சின் பிரேக் பட்டை. 2011-க்குப் பின் வந்த கப்பல்களிலும் உதிரிபாகங்கள் வழியாக அது நுழைந்திருக்கிறது. பட்டியலைத் தயாரிக்கும் நிபுணர் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப முடியாத இடங்களை "இருக்கக்கூடும்" என்று குறிப்பார். அப்படிக் குறித்த அனைத்தையும் கல்நாராகவே நடத்தும் தளம் நல்ல தளம். ஆனால் அவசரத்தில் தயாரித்த பட்டியலில் இந்தக் குறிப்பே இருக்காது; "இல்லை" என்று எழுதிவிடுவார்கள். தொழிலாளி அதை நம்பி, வெறும் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு பலகையை உடைப்பார்.

இந்திய உச்ச நீதிமன்றத்துக்காக அறிக்கை தந்த நிபுணர் குழு, அலங்கில் கல்நாரைக் கையாண்ட தொழிலாளர்களில் 16 விழுக்காட்டினரிடம் கல்நார் நுரையீரல் நோயின் ஆரம்ப அறிகுறிகளைக் கண்டதாக 2006-ல் தெரிவித்தது. புற்றுநோய் வர இருபது முதல் நாற்பது ஆண்டுகள்கூட ஆகலாம். ஒடிசாவிலிருந்தோ உத்தரப் பிரதேசத்திலிருந்தோ வந்து, சில பருவங்கள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ஒருவருக்கு அப்போது நோய் வந்தால், எந்தக் கப்பலின் எந்தப் பலகையால் வந்தது என்று நிரூபிக்க வழியே இல்லை. கல்நாரைக் கையாண்டவர்களின் பெயரும் நாளும் கொண்ட பதிவேட்டைத் தளம் வைத்திருக்கிறதா என்று நான் கேட்பது இதனால்தான். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவருக்கு ஆதாரமாக இருக்கப்போவது அந்தப் பதிவேடு மட்டுமே.

## ஒரே பார்வையில்

| கேள்வி | வழக்கமான கடற்கரை | மேம்பட்ட கடற்கரை | சாய்கரை | உலர்துறை |
|---|---|---|---|---|
| தொட்டிச் சோதனை | நம்ப முடியாது | தளத்துக்குத் தளம் மாறும். கண்காணிப்பு தேவை | பொதுவாக நன்று. கண்காணிப்பு தேவை | நன்று. கண்காணிப்பு தேவை |
| வெட்டிய துண்டு | சேற்றில் விழும் | கப்பலுக்குள் விழும். முன்பகுதிக்கே கிரேன் எட்டும் | கிரேனால் இறங்கும் | கிரேனால் இறங்கும் |
| கல்நார் | சந்தைக்குப் போகலாம் | அகற்றும் அறை உண்டு. புதைகுழி இருக்கிறதா என்று கேட்க வேண்டும் | உரிமம் பெற்ற குழு | உரிமம் பெற்ற குழு |
| மீட்பு | மிகக் கடினம் | கடினம் | எளிது | மிக எளிது |
| விற்பவருக்கு விலை | மிக அதிகம் | சற்றுக் குறைவு | குறைவு | மிகக் குறைவு, சில நேரம் எதிர்மறை |

## யாருக்கு எது

எண்ணெய்க் கப்பல், எரிவாயுக் கப்பல், எண்ணெய்க் கிணற்று மேடை, பழைய பயணிகள் கப்பல், போர்க்கப்பல் ஆகியவற்றை மூன்றாம் அல்லது நான்காம் வழிக்கே அனுப்ப வேண்டும். முதல் மூன்றில் ஆவியும் சில நேரம் பாதரசமும் கதிரியக்கப் படிவும் இருக்கும். கடைசி இரண்டில் கல்நார் அளவுக்கு மீறி இருக்கும். இவற்றை ஓத நீரில் நின்று வெட்டச் சொல்வதற்கு எந்த விலையும் நியாயமாகாது.

ஐரோப்பிய ஒன்றியக் கொடி பறக்கும் கப்பலுக்குத் தேர்வே குறைவு. அந்த ஒன்றியத்தின் பட்டியலில் உள்ள தளத்துக்குத்தான் போக வேண்டும். கடைசிப் பயணத்துக்கு முன் கொமொரோஸ், பலாவ் போன்ற கொடிகளுக்கு மாற்றித் தப்பிக்கும் வழக்கம் இருக்கிறது. அப்படி ஆலோசனை சொல்லும் தரகர், கப்பல் எந்த மனைக்குப் போகிறது என்பதையும் உங்களிடம் மறைப்பார்.

நம் எடுத்துக்காட்டுக் கப்பலுக்கு வருவோம். அது உலர்சரக்குக் கப்பல், எஞ்சின் ஓடுகிறது, இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. கடைசிச் சரக்கை மத்தியதரைக் கடல் பக்கம் அமைக்க முடிந்தால் அலியாகாவையே தேர்வேன். 10 லட்சம் டாலர் இழப்பை ஏற்கச் சொல்வது சிறிய கோரிக்கை இல்லை என்று தெரிந்தும் சொல்கிறேன். அமைக்க முடியாவிட்டால், அலங்கில் மனை எண்ணோடு பெயர் குறித்த மேம்பட்ட தளம். ஆனால் கப்பல் கரையேறும் முன் எரிபொருள் தொட்டிகளின் கசடு ஒரு துறைமுகத்தில் இறக்கப்பட்டிருக்க வேண்டும், அபாயப் பொருள் பட்டியலை வேறொரு நிபுணர் மறுபடி சரிபார்த்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் கடைசிப் பயணத்துக்கு முன்பே, உங்கள் சொந்தச் செலவில் முடித்துவிடலாம். அதற்குத் தளத்தின் தயவு வேண்டியதில்லை.

தளத்தோடு பேசும்போது சான்றிதழ்களை ஒதுக்கிவிட்டு, கடைசியாக உடைத்த கப்பலின் வாயு அளவைப் பதிவேட்டைக் கேளுங்கள். ஒவ்வொரு பதிவிலும் தொட்டியின் பெயர், நேரம், மூன்று மட்டங்களின் அளவு, அளந்தவர் கையெழுத்து இருக்க வேண்டும். எல்லா நாட்களிலும் காலை எட்டு மணிக்கு ஒரே ஒரு அளவு, அதுவும் எப்போதும் பூஜ்யம் என்று இருந்தால், அந்தப் பதிவேடு ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே பேனாவால் நிரப்பப்பட்டது. உண்மையான பதிவேட்டில் அளவு ஏறிய நாட்கள் இருக்கும், வேலை நிறுத்தப்பட்ட மணிநேரங்கள் இருக்கும். அப்படிப்பட்ட பக்கங்களைக் காட்டத் தயங்காத தளத்தோடு விலையைப் பேசத் தொடங்கலாம்.